ஐடியலா, சீரிஸா, பேரலலா: பழைய பேனலின் எண்களைப் புதிய பிஎல்சிக்குக் கொண்டுபோகும்போது

ஒரே லூப்புக்கு மூன்று தாள்கள் மேசைக்கு வந்து, மூன்றிலும் வேறு வேறு எண்கள் இருக்கும்போது எந்தத் தாளை நம்புவது? பெங்களூருக்குத் தெற்கே ஜிகனி, பொம்மசந்திரா பக்கத்து ஆலைகளில் பேனலின் பிஐடி கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு பிஎல்சிக்கு மாறுகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். நான் எடுத்துக்கொள்ளும் லூப், மருந்து மூலப்பொருள் செய்யும் ஓர் ஆலையில் ஜாக்கெட் ரியாக்டரின் வெப்பநிலை லூப். கணக்கு எளிதாகப் புரிய வேண்டும் என்பதற்காக எண்களைக் கொஞ்சம் உருட்டியிருக்கிறேன்.

முதல் தாள் பழைய பேனலிலிருந்து எழுதி எடுத்தது: புரபோர்ஷனல் பேண்ட் 40 சதவீதம், ரீசெட் 4 நிமிடம், ரேட் 1 நிமிடம். இரண்டாவது, சிமுலிங்கில் மாதிரி ஓட்டிப் பார்த்தவர் அனுப்பியது: P = 3.1, I = 0.0103, D = 148. மூன்றாவது, புதிய பிஎல்சியில் ஏற்றுவதற்காகத் தயாரித்த தாள்: கெயின் 2.5, Ti 240 விநாடி, Td 60 விநாடி.

பராமரிப்புப் பிரிவில் மூத்தவர், வேலூர்க்காரர், மூன்றையும் பார்த்துவிட்டு, "இதுல என்ன சார் குழப்பம்? நாற்பது சதவீதம்னா கெயின் ரெண்டரை. நாலு நிமிஷம் இருநூத்து நாப்பது செகண்ட். ஒரு நிமிஷம் அறுபது. மூணாவது தாளும் பேனலும் ஒண்ணுதானே? சிமுலேஷன்தான் எங்கேயோ போயிருக்கு" என்றார்.

எண்களைப் பார்த்தால் அவர் சொல்வது நியாயம்தான். லூப்பைப் பார்த்தால் நிலைமை தலைகீழ். பேனலும் சிமுலேஷனும்தான் ஏறக்குறைய ஒரே கன்ட்ரோலர். பேனலை அப்படியே படியெடுத்ததுபோல் தெரியும் மூன்றாவது தாள்தான் வேறொன்று. பேனலுக்குள் இருப்பது பிஐடி கணக்கின் சீரிஸ் வடிவம், சிமுலேஷனில் இருப்பது பேரலல், பிஎல்சி எதிர்பார்ப்பது ஐடியல். தாளில் எண்ணை எழுதியவர்கள் யாரும் வடிவத்தை எழுதவில்லை.

மூன்று வடிவங்களும் எங்கே பிரிகின்றன

```
ஐடியல்  :  Kc · (1 + 1/(Ti·s) + Td·s)
சீரிஸ்   :  K' · (1 + 1/(Ti'·s)) · (1 + Td'·s)
பேரலல் :  Kp + Ki/s + Kd·s
```

ஐடியலில் கெயின் வெளியே நின்று மூன்று உறுப்புகளையும் ஒன்றாகப் பெருக்குகிறது. ஐஎஸ்ஏ வடிவம், ஸ்டாண்டர்ட், டிபென்டென்ட் என்றெல்லாம் மெனுக்களில் வருவது இதுதான். பேரலலில் மூன்றும் தனித்தனி ஆட்கள்; ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் அசையாது. இதற்கு இன்டிபென்டென்ட் என்றும் பெயர். சீரிஸில் பிழை முதலில் ஒரு கட்டத்தையும் பிறகு இன்னொரு கட்டத்தையும் கடக்கிறது. காற்றழுத்தக் கருவிகளின் காலத்திலிருந்து வரும் வடிவம் இது. அன்றைய இயந்திர அமைப்புக்கு இப்படிச் செய்வதுதான் எளிதாக இருந்தது. பின்னால் வந்த மின்னணுக் கருவிகள் பலவும், பழகிய கைகளைக் குழப்ப வேண்டாமென்று, அதையே பின்பற்றின.

சீரிஸின் அடைப்புகளைப் பெருக்கிப் பிரித்தால் விஷயம் வெளிப்படும். s இருக்கும் உறுப்பின் கெழு K'·Td'. 1/s இருக்கும் உறுப்பின் கெழு K'/Ti'. இரண்டும் ஐடியலில் வருவதுபோலவே இருக்கின்றன. மாறுவது நடுவில் நிற்கும் புரபோர்ஷனல் மட்டும்: K' என்று இருக்க வேண்டிய இடத்தில் K'·(1 + Td'/Ti') வருகிறது. இன்டக்ரல் கட்டத்தின் வெளியீட்டை டெரிவேட்டிவ் கட்டம் வகையிடும்போது கிடைக்கும் உபரி அது.

இதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் சூத்திரம் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்தத் தாள் வந்தாலும் முதலில் பேரலலுக்கு மாற்றுங்கள். Ki, Kd இரண்டும் சாதாரணப் பெருக்கல், வகுத்தல். Kp மட்டும் வடிவத்தைப் பொறுத்தது. பேனலின் தாளுக்குச் செய்து பார்ப்போம். விநாடியில் K' = 2.5, Ti' = 240, Td' = 60. ஆக Ki = 2.5/240 = 0.0104, Kd = 2.5 × 60 = 150, Kp = 2.5 × (1 + 60/240) = 3.125. சிமுலேஷன் தாளை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்: 3.1, 0.0103, 148. இரண்டு பேர் தனித்தனியே டியூன் செய்ததில் வரக்கூடிய வித்தியாசம் மட்டும்தான் இருக்கிறது.

மூன்றாவது தாளை ஐடியலாகப் படித்தால் Ki = 0.0104, Kd = 150, Kp = 2.5. இரண்டு எண்கள் சரி. புரபோர்ஷனல் மட்டும் 20 சதவீதம் குறைவு.

அந்தத் தாள் எப்படிப் பிறந்தது என்று விசாரித்தபோது, அது பேனலைப் பார்த்து எழுதியதே இல்லை என்று தெரிந்தது. ஸ்டெப் டெஸ்டில் கிடைத்த மாதிரி: கெயின் 2, பெரிய டைம் கான்ஸ்டன்ட் 300 விநாடி, சிறியது 60 விநாடி, டெட் டைம் 30 விநாடி. ஸ்கோகெஸ்டாட் 2003இல் வெளியிட்ட எஸ்ஐஎம்சி டியூனிங் விதியில், லூப்புக்கு நாம் விரும்பும் வேகத்தைக் குறிக்கும் τc-ஐ டெட் டைமுக்குச் சமமாக வைத்தால் இரண்டும் சேர்ந்து 60 விநாடி, கெயின் 300/(2 × 60) = 2.5. Ti என்பது 300, 4 × 60 இரண்டில் சிறியது, அதாவது 240. Td என்பது சிறிய டைம் கான்ஸ்டன்டான 60. கணக்கில் பிழையே இல்லை. ஆனால் அந்த விதி டெரிவேட்டிவோடு வரும்போது சீரிஸ் வடிவத்துக்கு எழுதப்பட்டது. விதியின் அட்டவணையை மட்டும் எடுத்துவருகிறவர்கள் அந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். சீரிஸாகப் படித்தால் மூன்று தாள்களும் ஒரே பேச்சைத்தான் பேசுகின்றன.

இந்த 20 சதவீதத்தால் ரியாக்டர் வெடித்துவிடாது. இந்த மாதிரியில் லூப் கொஞ்சம் மந்தமாகும். ஜாக்கெட்டுக்கு வரும் நீராவி அழுத்தம் ஆடினால் வெப்பநிலை முன்னைவிடச் சற்று அதிகம் விலகிவிட்டுத் திரும்பும். அலைபாயாது. அதனாலேயே யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். "பிஎல்சி வந்ததிலிருந்து முன்ன மாதிரி பிடிக்கலை" என்ற முணுமுணுப்பு மட்டும் ஷிஃப்ட் புத்தகத்தில் ஏறும். பிறகு ஒருவர் கெயினைத் தொடுவார், இன்னொருவர் ரீசெட்டைத் தொடுவார். Td'-யும் Ti'-யும் சமமாக இருக்கும் லூப்பில் இதே தவறு புரபோர்ஷனலைப் பாதியாக்கிவிடும். அப்போது முணுமுணுப்போடு நிற்காது.

பிஎல்சிக்குள் எதை வைப்பது

நிறைய கருவிகளில் இதைத் தேர்ந்தெடுக்கலாம். ராக்வெல்லின் லாஜிக்ஸில் டிபென்டென்ட், இன்டிபென்டென்ட் என்று இரண்டு. டெல்டாவியில் `FORM` என்ற இடத்தில் ஸ்டாண்டர்ட், சீரிஸ் என்று இரண்டு. சீமென்ஸின் `PID_Compact` ஐடியல் பாணிக் கெயினும் விநாடியில் Ti, Td-யும் கேட்கும். ஆகவே கேள்வி வெறும் மாற்றுக் கணக்கோடு முடிவதில்லை. ஆலை முழுவதற்கும் ஒரு வடிவத்தை முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

சிமுலேஷன் செய்கிறவர்களுக்குப் பேரலல் பிடிக்கும். மூன்றும் தனித்தனி என்பதால் கணக்குச் சுத்தமாக இருக்கும். Ki-ஐ பூஜ்யமாக்கினால் இன்டக்ரல் முழுக்க அணைந்துவிடும். ஐடியலில் அதற்கு Ti-ஐ முடிவிலிக்குத் தள்ள வேண்டும், அல்லது உற்பத்தியாளர் பூஜ்யத்துக்குத் தனி அர்த்தம் கொடுத்திருக்க வேண்டும். இவ்வளவு இருந்தும், ஷிஃப்டில் ஆள் நின்று ஓட்டும் ஆலைக்குப் பேரலல் சரிப்படாது என்பதுதான் என் கட்சி. காரணம், இரவு இரண்டு மணிக்கு லூப் ஆடினால் ஆபரேட்டர் செய்யும் முதல் வேலை கெயினைக் குறைப்பது. எந்த ஊரிலும், எந்த ஷிஃப்டிலும் அதுதான் பழக்கம்.

நம் லூப்பிலேயே இதைப் பார்த்துவிடலாம். பேனலின் பேரலல் எண்களை ஐடியலாக எழுதினால் Kc = 3.125, Ti = Kp/Ki = 300, Td = Kd/Kp = 48. ஐடியலில் Kc-ஐ 3.125இலிருந்து பாதியாக்கினால், அதாவது 1.5625 ஆக்கினால், இன்டக்ரலும் டெரிவேட்டிவும் கூடவே பாதியாகும். Ti 300, Td 48 அப்படியே நிற்கும். லூப் மெதுவாகும், ஆனால் ஆடாது. மேலே சொன்ன மாதிரியில் மெதுவான துருவங்களின் டாம்பிங் ஏறக்குறைய 1.

பேரலலில் Kp-ஐ மட்டும் பாதியாக்குங்கள். Ki 0.0104 மாறாமல் நிற்கிறது. அப்படியானால் உண்மையான Ti என்ன? Kp/Ki, அதாவது 1.5625/0.0104, 150 விநாடி. ஆபரேட்டர் லூப்பை அமைதிப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு இன்டக்ரல் நேரத்தைப் பாதியாக வெட்டிவிட்டார். அதே மாதிரியில் டாம்பிங் ஏறக்குறைய 0.5க்கு இறங்குகிறது, முன்பு இல்லாத ஓர் ஊசலாட்டம், சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில், புதிதாக வருகிறது. ஆட்டத்தைப் பார்க்கிறவர் இன்னும் கெயினைக் குறைப்பார். ஆட்டம் கூடும். வெப்பநிலை, மட்டம் போன்ற மந்தமான லூப்களில் கெயினைக் குறைத்தால் ஆட்டம் கூடுவதாக யாராவது சொன்னால், முதலில் வடிவம் பேரலலா என்று பாருங்கள். ஐடியலிலும் Ti மிகக் குறைவாக இருந்தால் இது நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் பேரலல் அதைக் கேட்காமலே செய்துகொடுக்கிறது.

இந்த ஒரு காரணத்துக்காகவே கன்ட்ரோலருக்குள் ஐடியல் இருக்கட்டும், சரிபார்க்கும் தாளில் பேரலல் இருக்கட்டும் என்கிறேன். தாளில் மூன்று எண்களும் பேரலலில் ஒத்துப்போனால் மூல வடிவம் எதுவானாலும் கன்ட்ரோலர் ஒன்றுதான்.

சிமுலிங்கில் ஒரு பொறி உண்டு. அங்கே `Form` என்பதை `Parallel` இலிருந்து `Ideal` க்கு மாற்றினால் I என்ற பெட்டி Ti-ஐக் கேட்பதில்லை, 1/Ti-ஐக் கேட்கிறது. நம் லூப்புக்கு P = 3.125, I = 1/300, D = 48 என்று போட வேண்டும். 300 என்று போட்டுவிட்டுத் திரை முழுக்கக் கோடு பறப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. அதுவாவது உடனே தெரிந்துவிடும் தவறு.

சீரிஸிலேயே தொடர்ந்தால் என்ன?

இதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆலையில் நூறு பழைய லூப்கள் சீரிஸில் டியூன் ஆகி, புதிய கருவியிலும் சீரிஸ் கிடைக்குமானால், எண்களை அப்படியே ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். பழைய டெக்னீஷியன்களின் கைப்பழக்கமும் வீணாகாது. மாறுதல் காலத்துக்கு இது நல்ல வழி என்றே சொல்வேன்.

தொல்லை பிறகு வரும். சீரிஸிலிருந்து ஐடியலுக்கு எப்போதும் போகலாம். ஐடியலிலிருந்து சீரிஸுக்குத் திரும்புவது எப்போதும் முடியாது. திரும்பும் சூத்திரத்தில் ஒரு வர்க்கமூலம் இருக்கிறது:

```
r   = sqrt(1 - 4·Td/Ti)
K'  = Kc·(1 + r)/2
Ti' = Ti·(1 + r)/2
Td' = Ti·(1 - r)/2
```

Ti என்பது Td-யின் நான்கு மடங்குக்குக் குறைந்தால் வர்க்கமூலத்துக்குள் எதிர் எண் வந்துவிடும். கன்ட்ரோலரின் இரண்டு பூஜ்யங்களும் கலப்பெண்களாகிவிட்டன என்று அர்த்தம். சீரிஸின் இரண்டு கட்டங்களும் மெய்யான பூஜ்யங்களை மட்டுமே தர முடியும். ஆட்டோடியூன் ஒன்று Kc = 2, Ti = 200, Td = 80 என்று கொடுத்தால் விகிதம் 2.5. இதற்குச் சமமான சீரிஸ் கன்ட்ரோலர் உலகத்தில் கிடையாது. Td-ஐ 50க்குக் குறைத்துக்கொண்டால் K' = 1, Ti' = Td' = 100 என்று எழுதிவிடலாம். ஆனால் டெரிவேட்டிவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அது மாற்றமில்லை, புது டியூனிங். மறுபடியும் ஸ்டெப் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும்.

சீக்லரும் நிக்கல்ஸும் 1942இல் கொடுத்த விதி சரியாக இந்த எல்லையிலேயே உட்கார்ந்திருக்கிறது. Ti, ஊசலாட்டக் காலத்தில் பாதி, Td எட்டில் ஒன்று, விகிதம் 4. அந்த எண்களை ஐடியலாக எடுத்துக்கொண்டு சீரிஸுக்கு மாற்றினால் r பூஜ்யம்; கெயின் சரிபாதியாகிறது, Ti' = Td' ஆகிறது. மாற்றாமல் அப்படியே சீரிஸ் கருவியில் தட்டினால் புரபோர்ஷனல் 25 சதவீதம் கூடிவிடும். ஏற்கெனவே துணிச்சலான விதி. அதன்மேல் இந்தக் கால் பங்கும் சேர்ந்தால் லூப் ஆடாமல் என்ன செய்யும்?

டெரிவேட்டிவ் ஃபில்டர் எண்ணைக் கொஞ்சம் அசைக்கும்

மேலே எழுதிய சூத்திரங்களில் டெரிவேட்டிவுக்கு ஃபில்டர் இல்லை. நிஜக் கருவிகளில் இருக்கும். சீரிஸ் பேனல்களில் அது டெரிவேட்டிவ் கட்டம் முழுவதையும், அதன் வழியாகப் புரபோர்ஷனலையும் வடிகட்டும். ஐடியலில் பெரும்பாலும் டெரிவேட்டிவ் உறுப்பை மட்டும் வடிகட்டும். அதனால் சமமாக்கும் எண்கள் கொஞ்சம் நகரும். நல்ல வேளையாக இதற்கும் துல்லியமான விடை உண்டு. ஃபில்டரின் நேரம் Tf என்று வைத்துக்கொண்டால்:

```python
def series_to_ideal(K, Ti, Td, Tf=0.0):
    Ti_i = Ti + Td - Tf
    Kc   = K * Ti_i / Ti
    Td_i = Ti * Td / Ti_i - Tf
    return Kc, Ti_i, Td_i

series_to_ideal(2.5, 240, 60)     # 3.125, 300, 48
series_to_ideal(2.5, 240, 60, 6)  # 3.0625, 294, 42.98
```

பேனலின் ஃபில்டர் Td'-யில் பத்தில் ஒன்று, அதாவது 6 விநாடி என்று எடுத்தால் Kc 3.06, Ti 294, Td 43. கெயினிலும் Ti-யிலும் 2 சதவீதம் வித்தியாசம். அதைப் பொருட்படுத்த வேண்டாம். Td-யில் 10 சதவீதம், அதுவும் பெரிதில்லை. கவனிக்க வேண்டியது வேறு. புதிய கருவியில் ஃபில்டரை Td-யின் விகிதமாகக் கேட்டால், அதே 6 விநாடி இப்போது 43இல் 0.14 ஆகும். பழைய பழக்கத்தில் 0.1 என்று விட்டுவிட்டால் ஃபில்டர் 4.3 விநாடிக்குக் குறைந்துவிடும். தெர்மோகப்பிள் சிக்னலில் இரைச்சல் இருந்தால் வால்வு துடிக்கத் தொடங்கும். வெப்பநிலை நன்றாக இருந்தும் வால்வின் பேக்கிங் சீக்கிரம் தேய்கிறது என்றால், தேட வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

கையேடு கிடைக்காத கருவியை எப்படி அடையாளம் காண்பது

பழைய பேனலின் கையேடு காணாமல் போயிருக்கும், அல்லது கையேட்டிலேயே "பிஐடி" என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. அப்போது கருவியைக் கழற்றி மேசையில் வைத்து, சிக்னல் கொடுக்கும் கேலிபிரேட்டரை மாட்டுங்கள். ஸ்டெப் கொடுத்துப் பார்ப்பதுதான் எல்லோருடைய முதல் யோசனை. ஸ்டெப்பில் டெரிவேட்டிவ் ஒரு கணத்துக்குத் துள்ளிவிட்டு மறைந்துவிடும். அதைப் படித்து எதையும் சொல்ல முடியாது. ராம்ப்தான் சரி. சீராக ஏறும் சிக்னலுக்கு டெரிவேட்டிவ் ஒரே அளவில் நிற்கும், நிதானமாகப் படிக்கலாம்.

கெயின் 2 என்று வையுங்கள். ரீசெட் 1 நிமிடம், ரேட் 1 நிமிடம். பேரலல் என்று சந்தேகம் இருந்தால் அதன் அலகில் இன்டக்ரல் நிமிடத்துக்கு 1, டெரிவேட்டிவ் 1 நிமிடம் என்பதற்குச் சமமான எண்களைப் போடுங்கள். செட்பாயின்டை 50 சதவீதத்தில் வைத்து, சிக்னலையும் 12 மில்லி ஆம்பியரில் நிறுத்துங்கள். வெளியீடு எங்காவது 20 சதவீதம் பக்கம் நிற்கும்படி மேனுவலில் வைத்துவிட்டு ஆட்டோவுக்கு மாற்றுங்கள். வெளியீடு அசையாமல் நின்றால் தொடங்கலாம். இப்போது ஒரு நிமிடத்தில் 12.0இலிருந்து 12.8 மில்லி ஆம்பியருக்குச் சீராக ஏற்றுங்கள். அது 5 சதவீதம். கன்ட்ரோலரின் திசை, சிக்னல் ஏறினால் வெளியீடும் ஏறும்படி இருக்கட்டும்.

அந்த ஒரு நிமிடம் முடியும் கணத்தில் வெளியீடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பேரலல் 17.5 சதவீதம் ஏறியிருக்கும். ஐடியல் 25. சீரிஸ் 35. பேரலலில் 2 என்ற கெயின் புரபோர்ஷனலை மட்டும் பெருக்கியிருக்கிறது. ஐடியலில் மூன்றையும் பெருக்கியிருக்கிறது. சீரிஸில் அதற்கு மேலும் உபரிப் புரபோர்ஷனல் சேர்ந்திருக்கிறது. சீரிஸ் கருவியில் பத்தில் ஒன்று அளவு ஃபில்டர் இருந்தால் 35க்குப் பதில் 32 வரும். குழம்ப வேண்டாம், 25இலிருந்து அது இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது. நகர்த்துவது செட்பாயின்டாக இல்லாமல் அளவீட்டுச் சிக்னலாக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு: பல கருவிகள் செட்பாயின்ட் மாற்றத்துக்கு டெரிவேட்டிவையோ புரபோர்ஷனலையோ கொடுப்பதில்லை.

இந்தச் சோதனைக்கு இன்னொரு பலனும் உண்டு. அலகு தவறாக இருந்தால் அதுவும் இங்கேயே மாட்டும். வடிவத் தவறு புரபோர்ஷனலை அதிகம் போனால் இரண்டு மடங்கு வரை அசைக்கும். நிமிடமா விநாடியா என்ற தவறு இன்டக்ரலை 60 மடங்கு அசைக்கும். ரீசெட் 1 என்று போட்டதை ஒரு விநாடி என்று கருவி எடுத்துக்கொண்டால் வெளியீடு சுமார் அரை நிமிடத்திலேயே 100 சதவீதத்தில் முட்டிவிடும். ஒரே நிறுவனத்தின் ஒரே கட்டளைக்குள்ளேயே இது மாறலாம்: லாஜிக்ஸின் `PID` கட்டளையில் டிபென்டென்ட் என்றால் ரீசெட் நிமிடத்தில், இன்டிபென்டென்ட் என்றால் Ki விநாடிக் கணக்கில். வடிவத்தை மாற்றும் அந்த ஒரு டிக், அலகையும் சேர்த்து மாற்றிவிடுகிறது. நேரமில்லாதவர் வடிவத்தை விட்டுவிட்டு அலகை மட்டுமாவது பார்த்துவிட வேண்டும்.

கெயினின் அலகையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பேனலின் 2.5 சதவீதத்துக்குச் சதவீதம். டிரான்ஸ்மிட்டர் 0 முதல் 200 டிகிரி வரை என்றால், டிகிரியில் எழுதிய சிமுலேஷனில் நம் 3.125 என்பது 1.5625 ஆகத் தெரியும். Ki, Kd-யும் பாதியாகத் தெரியும். மூன்று எண்களும் ஒரே விகிதத்தில் விலகியிருந்தால் அளவீட்டு வித்தியாசம். புரபோர்ஷனல் மட்டும் விலகியிருந்தால் வடிவ வித்தியாசம். இன்டக்ரலும் டெரிவேட்டிவும் எதிரெதிர்த் திசையில் 60 மடங்கு விலகியிருந்தால் நிமிட, விநாடிச் சண்டை. பேரலலில் எழுதிப் பார்க்கச் சொல்வதன் முழு லாபமும் இதுதான். எந்த எண் விலகுகிறது என்பதே நோயின் பெயரைச் சொல்லிவிடும்.

அந்த ரியாக்டருக்கு நான் ஏற்றச் சொன்னது ஐடியலில் 3.06, 294 விநாடி, 43 விநாடி, ஃபில்டர் விகிதம் 0.14. பக்கத்திலேயே வடிவம், அலகு, பேரலல் எண்கள் மூன்றும். ஆலையின் மற்ற வெப்பநிலை லூப்களுக்கும் இதே முறைதான். ஃப்ளோ, பிரஷர் லூப்கள் பெரும்பாலும் டெரிவேட்டிவ் இல்லாமல் ஓடுகின்றன. Td பூஜ்யமானால் சீரிஸும் ஐடியலும் ஒன்றேதான், எண்ணை மாற்றத் தேவையில்லை. நிமிடத்தை விநாடியாக்கிவிட்டு ஏற்றிவிடலாம். ஒரே நிபந்தனை, பிறகு யாராவது அந்த லூப்பில் டெரிவேட்டிவைத் திறந்தால் அன்று வடிவம் என்ன என்று தாளில் எழுதியிருக்க வேண்டும்.